பச்சையான, முளைவிட்ட உருளைக்கிழங்கு

கேள்வி: வீட்டில் உள்ள உருளைக்கிழங்கு பச்சையாகி முளைவிட்டிருக்கிறது, வெங்காயமும் முளைத்துவிட்டது. சாப்பிடலாமா?

வெங்காயத்தைச் சாப்பிடலாம், தாளும் சேர்த்தே. கொழகொழவென்று அழுகியிருந்தாலோ உள்ளடுக்கில் பூஞ்சை இருந்தாலோ மட்டும் எறிந்துவிடுங்கள்.

உருளைக்கிழங்கில்தான் கவனம் வேண்டும். வெளிச்சம் பட்டால் அதன் தோலில் பச்சையம் உண்டாகிறது. இலையில் இருக்கும் அதே பச்சையம்தான், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனைன் என்ற கசப்பு நஞ்சும் கூடுகிறது. பூச்சிகளிடமிருந்து தப்பிக்கக் கிழங்கு தானே உண்டாக்கிக்கொள்வது அது. சமையல் வாயுவில் சேர்க்கும் நாற்றம் கசிவைக் காட்டிக்கொடுப்பதுபோல, பச்சை நிறமும் ஓர் எச்சரிக்கை.

இந்த நஞ்சு தோல், முளை, முளைவிடும் கண் ஆகியவற்றில்தான் அதிகம். கிழங்கு கெட்டியாக இருந்து, ஓரிடத்தில் மட்டும் பச்சை என்றால், அங்கே தோலைத் தடிமனாகச் சீவி, முளையைக் கண்ணோடு தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். பச்சை பரவியிருந்தாலோ, கிழங்கு சுருங்கித் தொளதொளத்திருந்தாலோ வேண்டாம். சமைத்தபின் கசந்தாலும் தொண்டை எரிந்தாலும் அத்தோடு நிறுத்துங்கள். மேலே சாப்பிட்டால் வாந்தி, வயிற்றுவலி, பேதி வரலாம். குழந்தைகளுக்குச் சந்தேகமான கிழங்கைக் கொடுக்கவே கூடாது.

நன்றாக வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். வீட்டு அடுப்பின் சூட்டில், குக்கரில் வைத்தாலும்கூட, சோலனைன் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.