மெமரி கார்டில் எது தங்கும், எது தங்காது

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனில் மொத்தமே 32 ஜிபி இடம்தான். 128 ஜிபி மெமரி கார்டு வாங்கிப் போட்டு, போட்டோக்களையும் பாட்டுகளையும் அதற்கு மாற்றிவிட்டேன். இரண்டே வாரத்தில் மறுபடியும் ‘இடம் போதவில்லை’ என்று வருகிறது. வாட்ஸ்அப்பை கார்டுக்கு மாற்ற வழியே தெரியவில்லை. பாட்டு ஆப்பில் கார்டுக்கு டவுன்லோட் செய்த பாட்டுகளும் கார் ஸ்டீரியோவில் பாடவில்லை. கார்டில் என்னதான் வைக்கலாம்?

பதில்: ஒரு கோப்பை எந்த ஆப் வேண்டுமானாலும் திறக்க முடியும் என்றால் அது கார்டில் நன்றாகத் தங்கும். கேமராவில் எடுத்த போட்டோ, வீடியோ, எம்பி3 பாட்டு, பிடிஎஃப் எல்லாம் இந்த வகை. ஒரே ஒரு ஆப்புக்கு மட்டும் சொந்தமான தரவு பெரும்பாலும் போனின் உள் சேமிப்பிலேயே இருந்தாக வேண்டும். ஆப்பின் உள்தரவு, லாகின் விவரம், உரையாடல் வரலாறு ஆகியவை அப்படிப்பட்டவை. ஆண்ட்ராய்டு இவற்றை மற்ற ஆப்கள் தொட முடியாத தனி இடத்தில் வைக்கிறது. கழற்றி எடுத்துப் போகக்கூடிய கார்டில் அந்தப் பாதுகாப்பைத் தர முடியாது.

உங்கள் 32 ஜிபி எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டும் போனோடு வந்த ஆப்களும் சுமார் 14 ஜிபி எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நிறுவிய ஆப்களும் அவற்றின் தரவும் 7 ஜிபி. வாட்ஸ்அப் 4 ஜிபி. ஆயிரம் போட்டோக்கள், ஒவ்வொன்றும் 4 எம்பி என்றால் 4 ஜிபி. முந்நூறு பாட்டுகள், தலா 8 எம்பி என்றால் 2.4 ஜிபி. கூட்டினால் 31 ஜிபியைத் தாண்டிவிடுகிறது. இதில் கார்டுக்குப் போகக்கூடியவை கடைசி இரண்டு மட்டுமே, அதாவது ஆறரை ஜிபிக்கும் குறைவு. கார்டு 128 ஜிபியாக இருந்தாலும் 512 ஜிபியாக இருந்தாலும் போனில் காலியாகும் இடம் அவ்வளவுதான். அந்த ஆறு ஜிபியும் இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகிறது என்றால், பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலில் கேமரா. பழைய படங்களை கார்டுக்கு மாற்றினாலும், புதிய படங்கள் போனிலேயே சேர்ந்துகொண்டிருக்கலாம். கேமரா ஆப்பைத் திறந்து, செட்டிங்ஸில் ‘Storage location’ என்பதை ‘SD card’ என்று மாற்றுங்கள். சாம்சங் போன்களில் இதே பெயரில் இருக்கும். மற்றவற்றில் பெயர் சற்று மாறலாம். முழு எச்டி வீடியோ ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 130 எம்பி பிடிக்கும். ஒரு கல்யாணத்தில் அரை மணி நேரம் எடுத்தாலே 4 ஜிபி போய்விடும் என்பதால், இந்த ஒரு மாற்றம் நிறைய இடத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது குப்பைத்தொட்டி. படங்களை கார்டுக்கு ‘காப்பி’ செய்துவிட்டு, பிறகு கேலரியில் போய் அழித்திருந்தால், அவை உடனே அழிவதில்லை. பெரும்பாலான கேலரி ஆப்கள் அழித்த படத்தை 30 நாள் வரை ‘Trash’ அல்லது ‘Bin’ என்ற பகுதியில் வைத்திருக்கும். அதுவரை இடமும் காலியாகாது. கார்டில் உள்ள பிரதி சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு, அந்தப் பகுதிக்குள் போய்க் காலி செய்யுங்கள்.

இதைப் படித்துவிட்டு நேரடியாக ‘மூவ்’ கொடுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். போனிலிருந்து கார்டுக்கு ‘மூவ்’ செய்வது உண்மையில் ஒவ்வொரு கோப்பையும் எழுதிவிட்டு, மூலத்தை அழிப்பதுதான். நடுவில் பேட்டரி தீர்ந்தாலோ, கார்டு சரியாகப் பொருந்தாமல் தொடர்பு அறுந்தாலோ, அரைகுறையாக எழுதிய பிரதி மட்டும் மிஞ்சக்கூடும். போனை 50 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் செய்துகொண்டு, ஃபைல் மேனேஜரில் ‘DCIM’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘Camera’வை இருநூறு முந்நூறு படங்களாகப் பிரித்துக் காப்பி செய்யுங்கள். ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். முதல், நடு, கடைசிப் படங்களைக் கார்டிலிருந்தே திறந்து முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சிறுபடம் மட்டும் தெரிவதை நம்ப வேண்டாம். அது போன் முன்பே சேமித்து வைத்த சின்னப் பிரதியாக இருக்கலாம்.

மூன்றாவதும் பெரியதும் வாட்ஸ்அப். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பையோ அதன் மீடியாவையோ கார்டில் சேமிக்கும்படி அமைக்க முடியாது. அதற்கான செட்டிங்கே இல்லை. வரும் படங்கள் எல்லாம் போனின் உள் சேமிப்பில் இந்த ஃபோல்டரில்தான் விழும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

அந்த ஃபோல்டரை அப்படியே கார்டுக்கு நகர்த்தினால் வாட்ஸ்அப் அதைத் தேடிப் போகாது. உரையாடலில் மங்கலான சிறுபடம் மட்டும் இருக்கும்; தொட்டால் கோப்பு இல்லை என்று சொல்லும். படம் கார்டில் பத்திரமாக இருக்கும், ஆனால் அந்தச் செய்தியோடு அதற்கு இருந்த தொடர்பு அறுந்துவிடும். இதை ஏற்றுக்கொள்ள முடியும் என்றால் செய்ய வேண்டியது எளிது. ‘WhatsApp Images’, ‘WhatsApp Video’ இரண்டிலும் வேண்டியவற்றைத் தேர்ந்து, கார்டில் நீங்களே உருவாக்கிய ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். பிறகு வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘Storage and data’, அதற்குள் ‘Manage storage’ போனால், 5 எம்பிக்கு மேலான கோப்புகள் தனியாகப் பட்டியலிட்டு இருக்கும். பலமுறை பகிரப்பட்ட காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் அங்கேயே தனித் தொகுப்பாகத் தெரியும். அங்கிருந்து அழிப்பதே சரி. அதே ‘Storage and data’ பக்கத்தில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்திவிட்டால், பிரச்சினையின் பாதி அங்கேயே தீரும்.

வாட்ஸ்அப் படங்களைக் காப்பி செய்யும்போது இன்னொரு சிக்கல் வரும். கேமரா படத்துக்குள் எடுத்த தேதி எழுதப்பட்டிருக்கும். வாட்ஸ்அப் படத்தை அனுப்பும்போது அந்தத் தகவல் நீங்கிவிடுகிறது. அதனால் கார்டுக்குப் போன பிறகு, ஐந்து வருடத்துப் படங்களெல்லாம் இன்றைய தேதியில் கேலரியின் தலையில் வந்து நிற்கலாம். பயப்பட வேண்டாம். ‘IMG-20230114-WA0003’ என்பது போன்ற கோப்புப் பெயரிலேயே அது 2023 ஜனவரி 14 அன்று வந்தது என்று இருக்கிறது. பெயரை மாற்றாமல் விட்டு, வருட வாரியாக ஃபோல்டர் போட்டு வைத்தால் போதும்.

இனி பாட்டு. ஸ்பாட்டிஃபை போன்ற ஆப்களில் டவுன்லோட் இடமாகக் கார்டைத் தேர்வு செய்யலாம் என்பது உண்மை. ஆனால் அப்படி இறங்குவது எம்பி3 கோப்பு அல்ல, பூட்டிய தரவு. அந்த ஆப்பில், உங்கள் கணக்கில்தான் அது திறக்கும். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தில் இணைந்து சந்தாவை உறுதிப்படுத்தவும் வேண்டும். கார்டை எடுத்து காரில் போட்டால் ஸ்டீரியோவுக்கு அதில் பாட்டே தெரியாது. காரில் கேட்க வேண்டியவை நீங்கள் விலைக்கு வாங்கிய அல்லது சொந்த சிடியிலிருந்து மாற்றிய எம்பி3 கோப்புகளாக இருக்க வேண்டும்.

எம்பி3 கோப்புகளே காரில் பாடவில்லை என்றால், கார்டு எந்த முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 முறையிலும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் முறையிலும் வரும். பல கார் ஸ்டீரியோக்கள் ஃபேட்32 மட்டுமே படிக்கும். உங்கள் 128 ஜிபி கார்டோடு மல்லுக்கட்டுவதைவிட, காருக்கென்று 16 அல்லது 32 ஜிபியில் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. 320 கேபிபிஎஸ் தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு 10 எம்பிக்குள் அடங்கும், ஆக 32 ஜிபியில் மூவாயிரம் பாட்டுக்கு மேல் போகும். அந்தச் சிறிய கார்டுக்கும் ஒரு வரம்பு உண்டு: ஃபேட்32 முறையில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. இருபது ஜிபி காலியாக இருந்தும் ஒரு பெரிய சினிமா கோப்பு ஏற மறுத்தால் காரணம் இதுதான்.

ஆப்களைக் கார்டுக்கு மாற்றுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். சில போன்களில் ஆப் தகவல் பக்கத்தில் ‘Change’ என்ற பொத்தான் இருக்கும். ஆப்பை உருவாக்கியவர் அனுமதித்திருந்தால் மட்டும் அது வேலை செய்யும். மாற்றினாலும் ஆப்பின் ஒரு பகுதிதான் நகரும், தரவின் பெரும்பங்கு போனிலேயே இருக்கும்.

சில போன்கள் புதிய கார்டைப் போட்டதும் அதை ‘Internal storage’ ஆகப் பயன்படுத்தலாமா என்று கேட்கும். 2015இல் ஆண்ட்ராய்டு 6 கொண்டுவந்த வசதி இது. ஆப்களுக்கும் இடம் கிடைக்கிறதே என்று ஆசையாக இருக்கும். ஆனால் சம்மதித்தவுடன் கார்டில் இருப்பது முழுதும் அழிந்து, அந்தப் போன் மட்டுமே படிக்கக்கூடிய பூட்டோடு ஃபார்மட் ஆகும். சாவி போனுக்குள் இருக்கிறது. போன் கெட்டாலோ, ஃபேக்டரி ரீசெட் செய்தாலோ, கார்டு நல்ல நிலையில் இருந்தும் படங்கள் திரும்பி வராது. போட்டோவுக்காக வாங்கிய கார்டுக்கு ‘Portable storage’ என்பதையே தேர்வு செய்யுங்கள்.

உங்கள் கார்டு உண்மையிலேயே 128 ஜிபிதானா என்பதையும் சோதித்துவிடுங்கள். சிறிய சிப்பை வைத்து, பெரிய அளவைப் பொய்யாகக் காட்டும் கார்டுகள் சந்தையில் தாராளமாக உலவுகின்றன. முதல் சில ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். உண்மையான அளவைத் தாண்டியதும் புதிய படங்கள் பாதி சாம்பல் நிறத்தில் நிற்கும், அல்லது திறக்கவே திறக்காது. கோப்புப் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிவதால் பல மாதம் கழித்தே இது பிடிபடும். விண்டோஸ் கணினியில் கார்டு ரீடர் மூலம் கார்டைச் செருகி, இலவசமான H2testw நிரலை ஓட்டுங்கள். அது கார்டை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். ‘Test finished without errors’ என்று வந்தால் கார்டு நம்பத்தக்கது. கார்டு காலியாக இருக்கும்போது செய்தால்தான் சோதனை முழுமையாகும், எனவே உள்ளதை முதலில் கணினிக்குக் காப்பி செய்யுங்கள். விண்டோஸ் அதை 119 ஜிபி என்று காட்டினால் அது ஏமாற்று அல்ல. கார்டு தயாரிப்பவர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 107 கோடிக்கும் மேல் என்று எண்ணுகிறது.

சோதனைக்காகக் கணினியில் எடுத்த அந்தப் பிரதியை அழிக்காமல் வைத்திருங்கள். கார்டு பழுதாகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பு இருக்காது. புதிய படம் சேமிக்கவில்லை, அழித்த படம் மறுபடி தோன்றுகிறது என்றால், தேய்ந்துபோன கார்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது போன் ‘Format’ செய்யச் சொன்னாலும் தொடாதீர்கள். செட்டிங்ஸில் ‘Unmount’ கொடுத்துக் கார்டை வெளியே எடுத்து, கணினியில் செருகி, படிக்க வரும் எல்லாவற்றையும் முதலில் காப்பி செய்துவிட்டுப் புதிய கார்டு வாங்குங்கள்.