கான்ட்ராக்டரிடம் வாய்ப்பேச்சாக முடித்ததை எழுத்தில் உறுதி செய்வது

"சம்பும் சதுர அடி ரேட்டிலேயே அடங்கும் என்று கான்ட்ராக்டர் நேரில் ஒப்புக்கொண்டார். இப்போது எழுதிக் கேட்டால் தப்பாக நினைப்பாரோ?"

கையெழுத்துக் கேட்க வேண்டாம். பேசியதை நீங்களே எழுதி இன்றிரவே வாட்ஸ்அப்பில் அனுப்பி, பிழையிருந்தால் திருத்தித் தரும்படி கேளுங்கள்.

இத்தகைய தகராறு பெரும்பாலும் ஏமாற்றால் வருவதன்று. 'சம்ப் அடங்கும்' என்றபோது நீங்கள் மோட்டார் வரை நினைத்திருப்பீர்கள். அவரோ கட்டு வேலையையும் பூச்சையும் மட்டுமே நினைத்திருப்பார், பள்ளம் தோண்டும் ஜேசிபி வாடகைகூட அவர் கணக்கில் இருந்திராது. ஆகவே பொருளை உடைத்து எழுதுங்கள்:

"சார், இன்று மனையில் பேசியது: 6,000 லிட்டர் சம்புக்குப் பள்ளம், கட்டு, உட்பூச்சு, மூடி எல்லாம் சதுர அடி 2,400 ரூபாய்க்குள் அடங்கும். மோட்டாரும் பைப்பும் என் செலவு. பாறை வந்தால் உடைக்கும் செலவு யாருடையது என்று பேசவில்லை, அதையும் சொல்லுங்கள்."

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். பேசாததைப் பேசியதாக எழுதினால் முழுச் செய்தியுமே நம்பகம் இழக்கும்.

பதிலாகக் கட்டைவிரல் படம் மட்டும் வந்தால், "ஜேசிபி வாடகை உங்கள் கணக்கில்தானே?" என்று கேட்டுப் பாருங்கள், புரிதல் வேறாயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பதிலே வராவிட்டால் அதைச் சம்மதம் என்று கொள்ளாமல், அடுத்த தவணை கொடுப்பதற்கு முன் பேசிவிடுங்கள்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் பொதுவாகச் செல்லும். இச்செய்தி அதற்கான சான்று மட்டுமே. வீட்டு வேலை முழுவதற்கும் தவணை அட்டவணையோடு இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தனியே வேண்டும்.