எட்டு பேருக்கு ஒன்பது சீட்டு

கேள்வி: எங்கள் டீமில் பெல் கர்வ் அப்ரைசல் வந்த பிறகு யாரும் யாருக்கும் எதையும் சொல்லித்தருவதில்லை. எல்லா இடத்திலும் இப்படித்தானா, இல்லை எங்கள் ஆட்கள்தான் சரியில்லையா?

ஆட்கள் மேல் பழி போடாதீர்கள். சரவணம்பட்டி பக்கம் ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) நான்கு வருடம் எட்டு பேர் டீமுக்கு லீடாக இருந்தேன். அந்த எட்டு பேரும் முதல் வருடம் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிட்டவர்கள்தான், மூன்றாவது வருடம் ஒருத்தர் ஸ்கிரீனை இன்னொருத்தர் எட்டிப் பார்த்தால் விண்டோவை மினிமைஸ் செய்தார்கள். நடுவில் மாறியது ரேட்டிங் முறை மட்டும்.

முறை இதுதான்: 20 சதவீதம் பேர் ஏ, 70 சதவீதம் பி, 10 சதவீதம் சி. இந்த 20-70-10 கணக்கு ஜி.இ. கம்பெனியில் ஜாக் வெல்ச் காலத்தில் பிரபலமானது, அங்கே கடைசி பத்து சதவீதத்தை வெளியே அனுப்பியே விடுவார்கள். எங்களிடம் சி வாங்கினால் இன்க்ரிமென்ட் பூஜ்யம், ஆறு மாதம் கண்காணிப்பு. ஆனால் எட்டு பேரில் 20 சதவீதம் 1.6 ஆள், 70 சதவீதம் 5.6 ஆள், 10 சதவீதம் 0.8 ஆள். ஹெச்.ஆர். அனுப்பிய எக்செல் ஷீட் அதை முழு எண்ணாக மாற்றி 2, 6, 1 என்று காட்டியது. கூட்டிப் பாருங்கள், ஒன்பது வருகிறது. எட்டு பேருக்கு ஒன்பது சீட்டு! போன் போட்டுக் கேட்டேன், "பி-யில ஒன்ன கொறச்சுக்கங்க, சி-ய மட்டும் தொடாதீங்க" என்றார்கள். சி கட்டத்தில் ஒரு பெயர் விழும் வரை அந்த செல் சிவப்பாகவே இருந்தது.

இந்த சி தான் விவகாரம். கம்பெனி முழுக்க உண்மையிலேயே பத்து சதவீதம் பேர் சரியாக வேலை செய்யாதவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் டீம்களில் அங்கங்கே சிதறி இருப்பார்கள். அப்படியானால் எட்டு பேர் டீம் ஒன்றில் அந்த மாதிரி ஆள் ஒருத்தர்கூட இல்லாமல் இருக்க வாய்ப்பு எவ்வளவு? 0.9-ஐ எட்டு தடவை பெருக்குங்கள், 0.43 வரும். அதாவது நூறு டீம் இருந்தால் சுமார் 43 டீமில் சி கொடுக்க ஆளே இல்லை, ஆனாலும் கொடுத்தாக வேண்டும். சரியாக ஒருத்தர் மட்டும் இருப்பது 38 டீம் அளவில்தான். மீதி 19-ல் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அங்கே ஒருத்தருக்கு மட்டும் சி போட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். ஆக, கணக்கு பொருந்துவதைவிடப் பொருந்தாத டீம்தான் அதிகம்.

ஆயிரம் பேரை ஒரே கூட்டமாக வைத்துப் பார்த்தால் இந்த வளைவு ஓரளவு உண்மைக்குப் பக்கத்தில் வரும். எட்டு பேருக்கு வராது.

சரி, அப்புறம் டீமுக்குள் என்ன நடந்தது என்று சொல்கிறேன். எங்களுடையது மூன்று ஷிப்ட் சப்போர்ட் வேலை. ஒரு ஷிப்ட் முடியும்போது ஹேண்டோவர் பைலில் அன்று என்ன நடந்தது, எது பாதியில் நிற்கிறது, எதைத் தொட்டால் எது உடையும் என்று எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். முதல் வருடம் பதினைந்து இருபது வரி இருக்கும், நடுவில் கிண்டல்கூட இருக்கும். முதல் பெல் கர்வ் ரேட்டிங் வந்த அடுத்த மாதத்திலிருந்து "பெண்டிங் எதுவும் இல்லை" என்று ஒரே வரி. நான் அதைக் கவனித்தேன், வேலை குறைந்திருக்கிறது போல என்று நினைத்துவிட்டேன். முட்டாள்தனம்.

ஒரு மாதக் கடைசி ராத்திரி இரண்டு மணிக்கு பேட்ச் ஜாப் விழுந்தது. நைட் ஷிப்டில் இருந்த பையன் நான்கு மணி நேரம் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறான், ஓடவில்லை. காலையில் இன்னொருத்தர் வந்தார், பழைய லாக் பைல்களை அழித்து டிஸ்கில் இடம் உண்டாக்கினார், ஜாபை ஓட்டினார், பத்து நிமிடம்தான். மேனேஜர் எல்லோர் முன்னாலும் கைதட்டினார். எனக்கு உறுத்தியது, பழைய டிக்கெட்டுகளைத் தோண்டினேன். முந்தைய மாதமும் இதே ஜாப் இதே காரணத்துக்கு விழுந்திருக்கிறது, இவர்தான் சரி செய்திருக்கிறார், ஹேண்டோவரில் ஒரு வார்த்தை எழுதவில்லை.

தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். மறைக்கவே இல்லை அவர். "ஏனுங்ணா, நா எழுதி வெச்சா அவன் சரி பண்ணுவான். ஏ ரெண்டு பேருக்குத்தான்னு நீங்கதான சொன்னீங்க. அவன் மேல போனா நா கீழ வருவேன், நா வேற என்னங்ணா பண்றது?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கெட்ட மனிதர் கிடையாது, நைட் ஷிப்ட் பையனின் கல்யாணத்துக்கு காங்கேயம் வரை வந்து பந்தி பரிமாறியவர்.

என் மாமா திருப்பூரில் தையல் யூனிட் வைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் சிரித்தார். அவரிடம் டெய்லர்களுக்கு பீஸ் ரேட், தைத்த பீஸுக்குக் காசு. பக்கத்து மெஷினில் இருக்கும் ஆள் வேகமாகத் தைத்தால் இவர் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையாது, அதனால் நூல் அறுந்தால் எட்டிச் சரி செய்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார்கள். அங்கே போட்டி இல்லாமல் இல்லை, ஆனால் ஒருத்தர் ஜெயிக்க இன்னொருத்தர் தோற்க வேண்டியதில்லை.

லீடுகள் எல்லோரும் உட்கார்ந்து ரேட்டிங்கை இந்த சதவீதத்துக்குள் அடக்கும் நார்மலைசேஷன் மீட்டிங்கில் இன்னொன்று பார்த்தேன். அந்த சி யாருக்குப் போகும் தெரியுமா? பேப்பர் போட்டுவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருப்பவருக்கு, பிரசவ லீவில் இருப்பவருக்கு, டீமுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாதவருக்கு. சண்டை வராத இடத்தில் இறக்கி வைப்பார்கள். ஒரு லீட் சுமாரான ஒருத்தரை வேண்டுமென்றே விடாமல் வைத்திருந்தார், ஏனென்றால் அவர் போய்விட்டால் அடுத்த வருடம் நல்ல ஆள் ஒருத்தருக்கு சி போட வேண்டி வரும். திறமைசாலிகள் நான்கு பேர் இருக்கும் டீமுக்கு மாற்றல் கொடுத்தால் யாரும் போகவும் மாட்டார்கள்.

கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. விட்டுவிட்டால் பாதி மேனேஜர்கள் எல்லோருக்கும் ஏ போட்டுவிட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள்வார்கள், இன்க்ரிமென்ட் பணமோ அளவோடுதான் வரும். ஆனால் பணத்தைப் பிரிக்க ஒருத்தரைக் கட்டாயம் சி ஆக்கத் தேவையில்லை. மைக்ரோசாப்ட் இதே முறையை வருடக்கணக்கில் வைத்திருந்து 2013 நவம்பரில் தூக்கியது, இன்க்ரிமென்ட் கொடுப்பதை நிறுத்தவில்லையே.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் கேட்பது, இந்த சதவீதம் எந்தக் கூட்டத்துக்கு என்பதை. டீம் அளவிலா, முழு டிபார்ட்மென்ட் அளவிலா? பெரும்பாலும் விதி பெரிய கூட்டத்துக்குத்தான் இருக்கும், மேனேஜர்கள் வசதிக்காகக் கீழே டீம் டீமாகப் பங்கு போட்டுவிடுவார்கள். எங்களிடமும் அதுதான் நடந்திருந்தது. பாலிசியைப் படித்துவிட்டு, பக்கத்து ஐந்து டீமையும் சேர்த்து 46 பேராக ஒரே ஷீட்டில் போடச் சொல்லி இரண்டு மாதம் மெயில் மேல் மெயில் அனுப்பினேன். ஒத்துக்கொண்டார்கள். அந்த வருடம் எங்கள் எட்டு பேரில் சி யாருக்கும் இல்லை, பக்கத்து டீமில் இரண்டு, அது நியாயமான இரண்டு என்று அந்த டீமே சொன்னது. கூடவே, ஹேண்டோவரில் எழுதிய குறிப்பை வைத்து வேறு ஒருத்தர் பிரச்சினையைத் தீர்த்தால் டிக்கெட்டில் எழுதியவர் பெயரையும் போடச் சொன்னேன்.

பைல் பழையபடி ஆனதா என்றால், இல்லை. ஐந்தாறு வரி வந்தது. கிண்டல் வரவில்லை.