4 மி.மீ. மிச்சம்: ஸ்ட்ருவைட் கல் பற்றிய கேள்வி பதில்

பதில் சொல்பவர் சிறுநீரக அறுவை மருத்துவர். கேட்டவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் மனைவிக்கு 38 வயது. இடது கிட்னிக்குள் கிளை கிளையாகப் பரவிய மான்கொம்புக் கல் என்று முதுகில் துளை போட்டு எடுத்தார்கள். பரிசோதனையில் ஸ்ட்ருவைட் என்று வந்தது. நேற்று சி.டி. எடுத்ததில் அடிப்பக்கக் கிண்ணத்தில், அதாவது கிட்னிக்குள் சிறுநீர் சேரும் சிறு அறையில், 4 மி.மீ. துண்டு ஒன்று இருக்கிறதாம். மறுபடி உள்ளே போகணும் என்கிறார் டாக்டர். 4 மி.மீ. தானாக வந்துவிடாதா? என் தம்பிக்கு 5 மி.மீ. கல்லே தண்ணீர் குடித்து வெளியே வந்ததே.

பதில்: தம்பிக்கு வந்தது பெரும்பாலும் கால்சியம் ஆக்ஸலேட் கல்லாக இருக்கும். அந்த வகையில் 4 மி.மீ. துண்டு தங்கினால் காத்திருந்து பார்ப்பதில் பெரிய தவறில்லை. அது வெறும் உப்புத் துண்டு. உங்கள் மனைவியின் துண்டுக்குள் உயிருள்ள கிருமி இருக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

இந்தக் கல் உருவாகும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். புரோட்டியஸ் போன்ற சில கிருமிகளிடம் யூரியேஸ் என்ற நொதி உண்டு. சிறுநீரில் ஏராளமாக இருக்கும் யூரியாவை அது உடைக்கிறது. ஒரு யூரியாவிலிருந்து இரண்டு அம்மோனியா வரும், கூடவே கொஞ்சம் கரியமில வாயு. அம்மோனியா தண்ணீரில் கரைந்ததும் சிறுநீர் காரமாகிறது. பி.எச். 7.2-ஐத் தாண்டிவிட்டால், ஏற்கெனவே அங்கே கரைந்திருக்கும் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியத்தோடு சேர்ந்து படிகமாக இறங்கும். `MgNH4PO4·6H2O`, அதுதான் ஸ்ட்ருவைட்.

கிருமியில்லாத மனித உடலில் இது நடப்பது மிக மிக அரிது. சிறுநீர் அமிலமாக இருக்கும்போதுதான் கிட்னி அம்மோனியத்தை அதிகம் வெளியேற்றும். காரமாக மாறினால் அம்மோனியம் குறைந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் கூடுவதற்கு வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் யூரியேஸ். ஆகவே ஸ்ட்ருவைட் என்று அறிக்கை வந்தாலே யூரியாவை உடைக்கும் கிருமி ஒன்று உள்ளே குடியிருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிருமி கல்லின் மேலே மட்டும் ஒட்டியிருப்பதில்லை. தன்னைச் சுற்றிக் கல் வளர வளர, அடுக்குகளுக்கு இடையில் அதுவும் சிக்கிக்கொள்கிறது. 4 மி.மீ. துண்டு அந்த அடுக்குகளோடுதான் உள்ளே நிற்கிறது. அது வெளியேறும் வரை கிருமியைச் சிறுநீரில் விட்டுக்கொண்டே இருக்கும், தன் மேலேயே புதிய கல்லையும் கட்டிக்கொள்ளும். சில வாரங்கள், சில மாதங்களிலேயே கிண்ணத்தை நிரப்பும் அளவுக்கு வளரக்கூடிய கல் இது. அதுவும் அடிப்பக்கக் கிண்ணம் என்கிறீர்கள்; அங்கிருந்து துண்டு மேலே ஏறித்தான் வெளியே வரவேண்டும். உங்கள் டாக்டர் சொல்வது சரி.

கேள்வி: திரும்ப ஆபரேஷன் செய்வதற்குப் பதில் இரண்டு மாதம் நல்ல ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியைக் கொன்றுவிட்டால் துண்டு சும்மா கிடக்காதா?

பதில்: இதைக் கேட்காத குடும்பம் குறைவு. மாத்திரை சாப்பிடும் நாட்களில் சிறுநீர் சுத்தமாகிவிடும், காய்ச்சல் இருக்காது, கல்ச்சரிலும் கிருமி வளராது. ஆனால் மருந்து கல்லின் உட்புறத்தைப் போதிய அளவில் எட்டுவதில்லை. மாத்திரையை நிறுத்திய கொஞ்ச நாளில் அதே கிருமி திரும்பி வரும். சில சமயம் அந்த மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் வரும். மருந்து கொடுத்துக் கொடுத்துக் காலத்தைத் தள்ளியவர்களில் சிலருக்கு, கடைசியில் கிட்னியையே எடுக்கவேண்டிய நிலை வந்திருக்கிறது.

மான்கொம்புக் கல்லை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று லண்டனிலிருந்து 1976-ல் பிளாண்டியும் சிங்கும் வெளியிட்ட கணக்கை எங்கள் துறையில் இன்றும் சொல்வோம். எடுக்காமல் விட்டவர்களில் பத்து ஆண்டுக்குள் 28 சதவீதம் பேர் இறந்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் 7 சதவீதம். அறுவை தாங்காத உடல்நிலை உள்ளவர்கள் முதல் கூட்டத்தில் அதிகம் இருந்திருக்கலாம், அதனால் அந்த எண்களை அப்படியே இன்றைக்குப் பொருத்தக்கூடாது. ஆனாலும் கல்லை விட்டுவைப்பது பாதுகாப்பான வழியில்லை என்ற முடிவு மாறவில்லை.

கேள்வி: ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் நான். சிறுநீர் பி.எச். 8 என்று வந்து, மைக்ராஸ்கோப்பில் டிரிபிள் பாஸ்பேட் படிகமும் தெரிந்தால் ஸ்ட்ருவைட் கல் உறுதி என்றுதான் நாங்கள் சொல்வோம். ஈ.கோலை உட்பட எல்லா சிறுநீர்க் கிருமியும் யூரியாவை உடைக்கும்தானே?

பதில்: ஐயா, பாதி சரி. காலையில் பிடித்த சிறுநீர் மதியம் வரை மேசையில் கிடந்தால், அதில் கிருமி பெருகியே பி.எச். ஏறிவிடும், படிகமும் வந்துவிடும். புதிதாகப் பிடித்த மாதிரியில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை 7.5, 8 என்று வந்தால்தான் நான் கணக்கில் எடுப்பேன். அப்போதும் அது சந்தேகம்தான். உறுதி செய்வது ஸ்கேனும் கல் பரிசோதனையும்.

ஈ.கோலை விஷயத்தில் உடன்பட முடியாது. அதில் பெரும்பாலானவை யூரியேஸ் செய்வதில்லை. புரோட்டியஸ், கிளெப்சியெல்லா, புரொவிடென்சியா, மார்கனெல்லா, ஸ்டஃபிலோகாக்கஸ் வகைகள் சில ஆகியவையே இதைச் செய்பவை. மான்கொம்புக் கல் உள்ளவரின் சிறுநீர்க் கல்ச்சரில் ஈ.கோலை மட்டும் வந்தால், “கல்லுக்குக் காரணமானவன் இவனில்லை, இன்னொருவன் உள்ளே இருக்கிறான்” என்று நினைக்க வேண்டும். யூரியாபிளாஸ்மா என்ற ஒன்று சாதாரணக் கல்ச்சரில் வளரவே வளராது. தனியாகக் கேட்டுச் செய்தால்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் பூனைக்கும் ஸ்ட்ருவைட் வந்தது. கால்நடை டாக்டர் தனி உணவு கொடுத்தே மூன்று வாரத்தில் கரைத்துவிட்டார். மனிதர்களுக்கு ஏன் கத்தி?

பதில்: பூனைக்கு வருவது பெரும்பாலும் கிருமியில்லாத ஸ்ட்ருவைட். சிறுநீர் கெட்டியாகி, காரமாகி, மூத்திரப்பையில் உருவாவது. உணவை மாற்றிச் சிறுநீரை அமிலமாக்கினால் கரையும். மனிதரில் கிருமி அம்மோனியாவைச் செய்துகொண்டே இருப்பதால், சாப்பாட்டில் எவ்வளவு மாற்றினாலும் சிறுநீர் காரமாகவே நிற்கும்.

கேள்வி: எனக்கும் கிட்னி கல் இருந்தது, எரிச்சலுக்கு சிட்ரேட் சிரப் குடித்துத்தான் சரியானது. அந்த அக்காவும் குடிக்கலாமே?

பதில்: வேண்டாம்மா. யூரிக் அமிலக் கல்லுக்கும் சில கால்சியம் கல்லுக்கும் சிட்ரேட் நல்ல மருந்து, ஏனென்றால் அது சிறுநீரைக் காரமாக்கும். ஸ்ட்ருவைட் விரும்புவதும் அதைத்தான். எந்தக் கல் என்று தெரியாமல் மருந்துக்கடையில் வாங்கிக் குடிக்கும் சிரப்பால், கிருமிக் கல் உள்ளவருக்கு நிலைமை மோசமாகலாம்.

கேள்வி: அறுவை அரங்கில் பணிபுரியும் செவிலியர் நான். எங்களிடம் கல்லை ஃபார்மலினில் போட்டு அனுப்புவது வழக்கம். சிறுநீர்க் கல்ச்சர் முன்பே எடுத்திருக்கும்போது கல்லுக்கும் கல்ச்சர் எதற்கு?

பதில்: நல்ல கேள்வி சிஸ்டர். ஃபார்மலினில் விழுந்த கல்லில் கிருமி செத்துவிடும், பிறகு கல்ச்சரில் எதுவும் வளராது. எடுத்த உடனே துண்டுகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று உலர்ந்த டப்பாவில், கல்லின் வகை அறிய. மற்றொன்று ஸ்டெரைல் சலைன் உள்ள டப்பாவில், மைக்ரோபயாலஜிக்கு. அங்கே அதைக் கழுவி, நசுக்கி, உள்ளிருப்பதை வளர்ப்பார்கள்.

மூத்திரப்பையிலிருந்து எடுத்த சிறுநீரில் ஒன்றும் வளராதவருக்கும் கல்லின் நடுவில் கிருமி இருப்பதுண்டு; வேறு கிருமியாக இருப்பதும் உண்டு. அறுவை முடிந்த இரவில் நோயாளிக்குக் குளிர் நடுக்கம் வந்து, ரத்த அழுத்தம் இறங்கினால், எந்த மருந்துக்கு மாறுவது என்பதைச் சரியாகச் சொல்வது கல்லின் கல்ச்சர்தான். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால் அன்றே அனுப்பியாக வேண்டும். அந்த முதல் இரவில் காய்ச்சலுக்கு முன்பே மூச்சு வேகமும் நாடித்துடிப்பும் ஏறும். தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள்.

கேள்வி: அப்பா முதுகுத்தண்டு அடிபட்டுப் படுக்கையில் இருக்கிறார். கதீட்டர் மாதம் ஒருமுறை மாற்றுவோம். இப்போது பத்து நாளுக்குள் அடைக்கிறது, நுனியில் வெள்ளைப் பொடி. இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: உண்டு, உறுதியாகப் பாருங்கள். அந்த வெள்ளைப் பொடி பெரும்பாலும் இதே படிகம்தான். புரோட்டியஸ் கதீட்டரில் குடியேறினால் இப்படி அடைக்கும். புதுக் கதீட்டர் போட்டபின் அதிலிருந்து சிறுநீர் எடுத்துக் கல்ச்சருக்குக் கொடுங்கள். பழையதிலிருந்தோ பையிலிருந்தோ எடுக்கவேண்டாம். மூத்திரப்பைக்கும் இரண்டு கிட்னிக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். கதீட்டர் அடைத்து, கூடவே காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: (38 வயதுப் பெண்ணின் கணவர்) மறுபடி செய்ய ஒப்புக்கொண்டோம். முதுகுக் குழாய் இன்னும் எடுக்கவில்லை. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? பிறகு எத்தனை நாள் மாத்திரை? ஒருவர் ஒரு வாரம் என்கிறார், இன்னொருவர் மூன்று மாதம் என்கிறார்.

பதில்: குழாய் இருப்பது நல்லது. அதே பாதையில் வளையும் குழாய்க் கேமராவை விட்டுத் துண்டை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் புதுத் துளை வேண்டாம். எட்டாத கிண்ணமென்றால் சிறுநீர்ப் பாதை வழியாக மேலே போய் லேசர் வைப்பார்கள். அப்படிச் செய்தால், பொடியாக்கி அப்படியே விட்டுவிடாமல் துண்டுகளைக் கூடையில் பிடித்து எடுப்பார்களா என்றும் கேளுங்கள். இந்தக் கல்லின் பொடியும் விதைதான். வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பதை முதல் வழியாக நான் எடுக்கமாட்டேன், அதே காரணம்தான்.

மாத்திரை நாள் கணக்கில் உங்கள் இரண்டு டாக்டர்களும் சொல்வதற்கு ஆதரவு உண்டு. துறையிலேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. கல் முழுவதும் போயிருந்தால் கல்லின் கல்ச்சருக்கு ஏற்ற மருந்தைக் குறுகிய காலம் கொடுத்து நிறுத்திவிட்டு, கல்ச்சரைக் கவனிப்பதையே நான் விரும்புவேன். துண்டு தங்கிவிட்டவருக்கும், அடிக்கடி தொற்று வருபவருக்கும் நீண்ட காலம் கொடுப்பேன். யூரியேஸையே தடுக்கும் அசிட்டோஹைட்ராக்சமிக் அமிலம் என்ற மருந்தும் இருக்கிறது. கல் வளர்வதை அது மெதுவாக்கும். ஆனால் ரத்தக்கட்டி, ரத்தசோகை, கை நடுக்கம் என்று பக்கவிளைவு அதிகம். கர்ப்பத்திலும், கிட்னியின் வேலை வெகுவாகக் குறைந்தவர்களுக்கும் கொடுக்கக்கூடாது. எடுக்கவே முடியாத துண்டு உள்ளவருக்குத்தான் அதை யோசிப்பேன்.

எடுத்தபின் அல்ட்ராசவுண்டில் “கல் இல்லை” என்று வந்தால் திருப்திப்படாதீர்கள். சிறு துண்டுகளை அது தவறவிடும். மெல்லிய அடுக்கு சி.டி. கேளுங்கள், குறைந்த கதிர்வீச்சில் எடுக்கலாம். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கல்ச்சர், பிறகு ஒரு வருடம் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கல் அறிக்கையில் ஸ்ட்ருவைட்டோடு கால்சியம் ஆக்ஸலேட்டும் கலந்திருந்தால் 24 மணிநேரச் சிறுநீர்ப் பரிசோதனையும் வேண்டும். முதலில் வேறு கல் வந்து அதன்மேல் கிருமி ஏறியிருக்கக்கூடும்.

சிறுநீர் இறங்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தால், எடுக்கும் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கிருமி இருந்தவரின் ஸ்டென்ட் மறந்துபோனால், அதன்மேலேயே கல் கட்டி, இழுத்தாலும் வராமல் மாட்டிக்கொள்ளும்.