பரிசுத் தளம் யாருடையது: முகவரியைப் படிக்கும் முறை

கேள்வி: நான் பொருள் வாங்கும் கடையின் குலுக்கலில் எனக்குக் கார் விழுந்திருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. இணைப்பைத் திறந்தால் கடையின் பெயரும் பூட்டுச் சின்னமும் தெரிகின்றன. முதலில் வரி கட்டச் சொல்கிறார்கள். இது உண்மையா என்று நானே எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: சரிபார்க்கும் வரை எதுவும் செலுத்தாதீர்கள். உங்கள் கைப்பேசிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலைப் பிறர் வழியில் படிக்க முடியாது என்பது மட்டுமே பூட்டுச் சின்னத்தின் பொருள். தளம் யாருடையது என்பதை அது சொல்வதில்லை. மோசடி செய்பவரும் அதை இலவசமாகப் பெறலாம்.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவருக்கும் இப்படியே எட்டு லட்ச ரூபாய்க் கார் விழுந்ததாகச் செய்தி வந்தது. வரியாக 12,800 ரூபாய் கேட்டிருந்தார்கள். அவர் பணம் அனுப்பும் செயலியைத் திறந்துவிட்ட நேரத்தில், கல்லூரியில் படிக்கும் பேத்தி கைப்பேசியை வாங்கி முகவரிப் பட்டையைத் தொட்டு, முழு முகவரியையும் காட்டினாள். பெயர்களை மாற்றித் தருகிறேன்:

```
https://kadai.in.parisu-claim.example/car
```

"தாத்தா, முதல் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள்" என்றாள். அந்தக் கோட்டுக்கு முன், புள்ளியால் பிரியும் கடைசி இரண்டு துண்டுகளே, அதாவது `parisu-claim.example` என்பதே, தளத்தின் உண்மையான பெயர். (`co.in` போன்று முடிந்தால் மூன்று துண்டுகளை எடுக்க வேண்டும்.) அதற்கு இடப்பக்கம் இருக்கும் `kadai.in` என்பதைத் தளத்தின் உரிமையாளர் தம் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம், அசல் கடைக்கு அதில் பங்கே இல்லை.

பிறகு, தளங்களின் பதிவு விவரத்தைக் காட்டும் `lookup.icann.org` என்ற பக்கத்தில் அந்தப் பெயரை இட்டுத் தேடினாள். தளம் பதிவாகிச் சில நாள்களே ஆகியிருந்தன; கடையோ பல ஆண்டுகளாக நடப்பது. புதிய பதிவு வலுவான எச்சரிக்கைதான், ஆனால் பழைய பதிவு நற்சான்று ஆகாது, ஏனெனில் பிறருடைய பழைய தளத்துக்குள் புகுந்து இத்தகைய பக்கத்தை வைப்பவர்களும் உண்டு. ஆகவே கடையின் பழைய ரசீதில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு இருவரும் பேசினார்கள். அப்படி ஒரு குலுக்கலே நடக்கவில்லை என்று பதில் வந்தது.

வரிக் கணக்கையும் பாருங்கள். குலுக்கலில் பணம் விழுந்தால் கொடுப்பவரே 30 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். தனியாகக் கட்டச் சொல்ல மாட்டார். கார் போன்ற பொருளுக்கு ஒப்படைக்கும் முன் வரி செலுத்தப்பட வேண்டும் என்ற விதி உண்மையிலேயே உண்டு. மோசடி செய்பவர்கள் பற்றிக்கொள்வது இதைத்தான். ஆனால் எட்டு லட்சத்துக்கு 30 விழுக்காடு 2,40,000 ரூபாய். 12,800 எப்படி வந்தது என்று ஆசிரியரே கேட்டுவிட்டார். மேலும், செயலியில் பணம் பெறுபவராகத் தெரிந்தது கடையின் பெயரன்று, யாரோ ஒரு தனி நபரின் பெயர்.

ஒருவேளை நீங்கள் ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. புகாரை `cybercrime.gov.in` தளத்திலும் பதியலாம்.