பாதி வேகத்திலும் அலைபாயும் வயல்

கேள்வி: திருவையாறு பக்கம் சம்பா வயல்களை ட்ரோனில் 40 கிளிப் எடுத்திருக்கிறேன். 4கே, 60 பிரேம். டாவின்சி ரிசால்வில் 3 நிமிடப் படமாக அமைதியாக ஓட வேண்டும் என்று எல்லாக் கிளிப்பையும் 50 சதவீத வேகத்துக்கு இறக்கி, Optical Flow-உம் போட்டேன். அப்படியும் படம் அலைபாய்கிறது. சில இடங்களில் நெல் வரிசையே நெளிகிறது. எங்கே தப்பு?

பதில்: நெளிவை முதலில் தீர்த்துவிடுவோம். நாம் மாற்றாவிட்டால் ரிசால்வ் டைம்லைன் 24 பிரேமில்தான் திறக்கும். 60 பிரேம் கிளிப்பைப் பாதியாக்கினால் நொடிக்கு 30 பிரேம் கிடைக்கும். அந்த 30 பிரேம் 24-க்குள் சமமாக உட்காராது. அதனால் Optical Flow இடைப்பட்ட பிரேம்களைத் தானே வரைகிறது. நடவு வரிசைகள் ஒன்றுபோலவே இருப்பதால், எந்தக் குத்து எங்கே நகர்ந்தது என்று அதற்குப் பிடிபடுவதில்லை. பக்கத்து வரிசையோடு இழுத்து ஒட்டிவிடுகிறது. வரப்போரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், வரப்பு தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடும். கடலோரக் கிளிப்பில் அலை நுரைக்கும் இதே கதிதான்.

புது டைம்லைன் திறக்கும்போது Use Project Settings டிக்கை எடுத்துவிட்டு, Format பகுதியில் 30 பிரேம் வையுங்கள். கிளிப் விவரத்தில் 59.94 என்றிருந்தால் 29.97. Retime Process-ஐ Nearest ஆக்கிவிடுங்கள். இனி 50, 100, 150, 200 சதவீத வேகங்கள் மட்டும். 50-இல் எல்லாப் பிரேமும் வரும், 100-இல் ஒன்றுவிட்டு ஒன்று, 150-இல் மூன்றுக்கு ஒன்று. இடைவெளி எப்போதும் சமம். 70 சதவீதம் வைத்தால் ஒருமுறை ஒரு பிரேமும் மறுமுறை இரண்டு பிரேமும் தாண்டும், படம் தத்தித் தத்திப் போகும்.

அலைபாய்வதற்குக் காரணம் வேறு. ட்ரோன் ஒரே வேகத்தில் பறந்தாலும், உயரத்திலிருந்து பார்த்தால் தரை மெல்ல நகரும், தாழப் பறந்தால் விரையும். முன்னோக்கிப் பறக்கும் கிளிப்பை 100 சதவீதத்தில் ஓட்டி, ஒரு தென்னை திரையின் நடுவிலிருந்து கீழ் விளிம்பைத் தொட எத்தனை நொடி என்று எண்ணுங்கள். உயரக் கிளிப்பில் 14 நொடி, கதிருக்கு மேலே தாழப் பறந்ததில் 4 நொடி என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இரண்டையும் பாதியாக்கினீர்கள். 28-உம் 8-உம் ஆயிற்று. ஒன்று மற்றதைவிட மூன்றரை மடங்கு வேகம் என்பது அப்படியே நிற்கிறது. வெட்டு விழும் இடத்தில் கண் தடுக்குவது அதனால்தான். தாழ்ந்ததை மட்டும் 50 சதவீதமாக்கி, உயர்ந்ததை 150 ஆக்கிப் பாருங்கள். 8 நொடியும் 9 நொடிச் சொச்சமும் வரும். இரண்டும் ஒரே மூச்சில் ஓடும். அமைதியான படத்துக்காகக் கிளிப்பை வேகப்படுத்தச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் கண் அளப்பது பக்கத்துப் பக்கத்துக் காட்சிகளின் வித்தியாசத்தைத்தான். 2 நொடியிலேயே தென்னை கடந்துவிடும் கிளிப் இருந்தால் விட்டுவிடுங்கள். 50-க்குக் கீழே இறக்கினால் பிரேம் போதாமல் திக்கும்.

எண்ணிய நொடியைக் கிளிப் பெயரோடு எழுதி வைத்துக்கொண்டு, 7-இலிருந்து 10-க்குள் கொண்டுவர முடிந்தவற்றை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் குச்சியைத் தள்ளிய முதல் 2 நொடியையும் விட்ட கடைசி 2 நொடியையும் வெட்டி எறியுங்கள், கேமரா மூக்கு குத்தி நிமிர்வது அங்கேதான். காட்சிக்கு 10 நொடி என்றால் 3 நிமிடத்துக்கு 18 போதும். 40-இல் பாதிக்கு மேல் வெளியே நிற்கும். அழகான கிளிப்பை விட மனசு வராதுதான், ஆனாலும் விடுங்கள்.

அடுக்கும்போது திசையைப் பாருங்கள். முன்னோக்கிப் போகும் காட்சிகள் மூன்று நான்கைச் சேர்த்து வையுங்கள். பின்னோக்கியோ பக்கவாட்டிலோ திரும்ப வேண்டுமானால் நடுவில் அசையாமல் நேர்கீழே பார்க்கும் காட்சி ஒன்றை, பாத்திகளும் வாய்க்காலும் கோலம்போலத் தெரிவதை, வையுங்கள். எதிரெதிராக நகரும் இரண்டை டிசால்வில் கலந்தால் சேறாகிவிடும். ஒரே திசை, ஒரே வேகம் என்றால் மட்டும் 1 நொடி டிசால்வ் போடலாம்.

அடிவானமும் அடுத்தடுத்த காட்சிகளில் ஒரே உயரத்தில் இருக்கட்டும். 1 டிகிரி சாய்வை நிமிர்த்தினால் மூலையில் கருப்பு தெரியும். 3 சதவீதத்துக்குச் சற்று மேலே பெரிதாக்கினால் மறைந்துவிடும். 1080 டைம்லைனில் 4கே கிளிப்புக்கு அதனால் தெளிவு குறையாது.

ஒலிக்கு, அதே வயல் வரப்பில் போனை வைத்து, ட்ரோன் பறக்காத நேரத்தில் 5 நிமிடம் பதிவுசெய்யுங்கள். தவளை, பம்புசெட், தூரத்துப் பேச்சு எது விழுந்தாலும் சரி. அதைக் காட்சிக்குக் காட்சி வெட்டாமல் படம் முழுக்க ஒரே துண்டாக ஓடவிடுங்கள்.