எப்போதும் நான்தான் முதலில் மெசேஜ் அனுப்புகிறேன்

"ஒருவரோடு பழகத் தொடங்கி 7 வாரம் ஆகிறது. இதுவரை 6 முறை சந்தித்தோம், 6 முறையும் நாள், இடம் எல்லாம் நான் பார்த்ததுதான். மெசேஜும் நானேதான் முதலில். அனுப்பினால் உடனே பதில் வரும், நேரில் ரொம்ப அன்பாகத்தான் இருக்கிறார். நடுவில் இரண்டு தடவை கடைசி நேரத்தில் வர முடியாது என்றார். ஒரு வாரம் பேசாமல் இருந்து பார் என்கிறார்கள் தோழிகள். இருந்து பார்க்கட்டுமா?"
– பெயர் வேண்டாம், வயது 27

வேண்டாம். பரீட்சை நடப்பதே அவருக்குத் தெரியாதே, அப்புறம் மார்க் போட்டு என்ன பயன்? ஐந்தாம் நாள் "என்ன, ஆளையே காணோம்?" என்று கேட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இல்லாததைக் கவனித்தார் என்பது மட்டும்தான் அதில் தெரியும், அடுத்த வாரமே பழையபடி நீங்கள் திட்டம் போட, அவர் வந்து நிற்பார். கேட்கவே இல்லை என்றாலும், அக்கறை இல்லாததாலா, உங்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டதாலா என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

எனக்கு அந்த இரண்டு ரத்துகள்தான் முக்கியமாகப் படுகின்றன. போனை எடுத்து அந்த மெசேஜ்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். "சாரி, வேலை வந்துவிட்டது, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்பதோடு நின்றுவிட்டாரா, இல்லை "சனி முடியாது, செவ்வாய் சாயங்காலம் வரட்டுமா?" என்று மாற்று நாள் ஒன்றைச் சொன்னாரா? வர முடியாமல் போவது யாருக்கும் நடக்கும். ஆனால் சந்திக்க ஆசைப்படுகிறவர், எவ்வளவு வேலையிலும், கைவிட்டுப் போன நாளுக்குப் பதிலாக இன்னொன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்ப்பார். இரண்டு தடவையும் அடுத்த தேதியை நீங்களே தேடிக் கொடுத்திருந்தால், உடனுக்குடன் வரும் பதில்களை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். கையில் மினுங்கும் போனுக்குப் பதில் அனுப்ப அரை நிமிடம் போதும், மறுத்துவிடுவார்களோ என்ற பயமும் அதில் இல்லை. எதுவும் மினுங்காத நேரத்தில் உங்கள் நினைப்பு வந்து, அவராக ஒரு வரி எழுதுகிறாரா என்பதுதான் வேறு விஷயம்.

1938-லேயே வில்லர்ட் வாலர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: ஓர் உறவில் யாருக்கு ஆர்வம் குறைவோ, அவர் கைதான் ஓங்கியிருக்கும். இதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, வேண்டுமென்று செய்யவும் வேண்டியதில்லை. அவருக்கு வசதியான நாளைத் தேடித் தேடி நீங்கள் கேட்கிறீர்கள் அல்லவா, அப்போதே அது நடந்துவிடுகிறது.

சரி, உங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். இந்த 7 வாரத்தில் நீங்கள் தொடர்ச்சியாக அதிகபட்சம் எத்தனை நாள் மெசேஜ் அனுப்பாமல் இருந்தீர்கள்? ஒரு நாள்கூட இல்லை என்றால், அவருக்கு முறை வரவே இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. வருடங்கள் கழித்து ஒருவர் என்னிடம் "நான் நினைக்கிறதுக்குள்ள நீயே எல்லாத்தையும் முடிச்சுடுவியே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதனால் மௌனம் வேண்டாம், வாயைத் திறந்து சொல்லுங்கள். அடுத்த முறை சந்தித்துக் கிளம்பும்போது, நேரில், குறை சொல்லும் தொனி இல்லாமல்: "இதுவரைக்கும் நானே பிளான் பண்ணிட்டேன், அடுத்தது உங்க பொறுப்பு. நாளும் இடமும் நீங்களே சொல்லுங்க." ஒரே ஒருமுறை போதும். பிறகு பத்து நாள் விடுங்கள். அவர் பேசினால் எப்போதும்போல் பேசுங்கள், சந்திப்புப் பேச்சை மட்டும் நீங்கள் எடுக்காதீர்கள்.

கூச்சத்தால் ஒதுங்கியிருந்தவர் என்றால் பெரும்பாலும் இதற்குள் ஏதாவது சொல்லிவிடுவார், கேட்க அனுமதி கிடைத்துவிட்டதே. நிஜமாகவே வேலை நெரிக்கிறது என்றால் "இந்த மாசம் கஷ்டம், 5-ஆம் தேதிக்கு அப்புறம் ஃப்ரீ" என்று ஒரு தேதியாவது வரும். அவர் சொல்லும் திட்டம் சுமாராகத்தான் இருக்கும், "வியாழன் ஆறரைக்குச் சும்மா நடக்கப் போகலாமா" என்ற அளவில். அதைத் திருத்தாதீர்கள்! வழக்கமாகத் திட்டம் போடுகிறவர்கள் இங்கேதான் கெடுப்பார்கள், "அதைவிட இங்கே போகலாமே" என்று ஆரம்பித்துப் பொறுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதேபோல் ஒருமுறை அமர்க்களமாக ஏற்பாடு செய்துவிட்டு அடுத்த மூன்று முறையும் உங்களிடமே தள்ளிவிடுகிறாரா என்றும் பாருங்கள். சொன்னதற்காக ஒருமுறை செய்ததாகத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு வெளிப்படையாகக் கேட்ட பிறகும் "நீயே சொல்லு, எனக்கு எல்லாம் ஓகே" என்று வந்தால், அல்லது பத்து நாளும் எதுவுமே வராவிட்டால், நேரில் காட்டிய அன்பு பொய் என்று நினைக்க வேண்டாம். அது உண்மையாகவே இருந்திருக்கலாம். கூப்பிட்டால் வருகிற அளவுக்குப் பிடித்திருக்கிறது, தானாகக் கூப்பிடுகிற அளவுக்கு இல்லை. அதற்கு அடுத்த சந்திப்பை நீங்கள் ஏற்பாடு செய்யாதீர்கள்.